எடை ஒண்ணு, ரிப்போர்ட் ரெண்டு

ஜிம்ல பாடி ஸ்கேன் ரிப்போர்ட்டை வாங்கின கையோட இனிமே ராத்திரி சாப்பாடே வேண்டாம்னு முடிவு பண்ற தங்கச்சிகளுக்காகத்தான் இதை எழுதுறேன். அவசரப்படாதே. முதல்ல பவானி, ஷாலினி கதையைக் கேளு. உன் ரிப்போர்ட்டை அப்புறம் பிரிக்கலாம்.

ரெண்டு பேரும் கோயம்புத்தூர்ல ஒரே ஜிம்முக்குப் போறவங்க. வயசு 34, உயரம் 160 செ.மீ. காலையில வெறும் வயித்துல மெஷின்ல ஏறினா ரெண்டு பேருக்கும் 62 கிலோ. அதனால BMI-யும் ஒண்ணுதான், 24.2. இந்தியர்களுக்கு 23-க்கு மேல போனாலே அதிக எடைன்னு கணக்கு. அட்டவணைப்படி பார்த்தா ரெண்டு பேருக்கும் ஒரே அறிவுரைதான் கிடைக்கும்.

ஜிம்முக்குப் புதுசா ஸ்கேன் மெஷின் வந்துச்சு. வெறுங்காலோட ஏறி, ரெண்டு கையிலயும் கைப்பிடியைப் பிடிச்சா ஒரு நிமிஷத்துல பேப்பர் வந்துடும். பவானி காலையில ஆறரைக்கே போய் எடுத்துட்டா. ஷாலினிக்கு அன்னைக்குக் காலையில மீட்டிங். மதியம் ஆபீஸ்ல பிரியாணி விருந்து. சாயங்காலம் ஜீன்ஸ், வளையல், பாக்கெட்ல போனோட நேரா வந்து மெஷின்ல ஏறிட்டா.

பவானி பேப்பர்ல 62 கிலோ, கொழுப்பு 27 சதவீதம். ஷாலினி பேப்பர்ல 63.1 கிலோ, கொழுப்பு 40 சதவீதம்.

ராத்திரி எனக்குப் போன் வந்துச்சு. ஷாலினி எனக்கு சித்தி பொண்ணு. “அக்கா, அந்த மெஷின் சுத்தப் பொய்க்கா. நானும் அவளும் ஒரே எடை. எனக்கு மட்டும் எப்படிக்கா 40 வரும்?” அழாத குறை. அடுத்த நிமிஷமே, “நாளையிலிருந்து ராத்திரிக்கு வெறும் வெள்ளரிக்காதான்”னா. மெஷின் பொய்யா இருந்தா வெள்ளரிக்கா எதுக்குடின்னு கேட்டேன். பதில் இல்லை. அவ சொன்ன ரெண்டுமே தப்பு. அவளுக்குச் சொன்னதைத்தான் உனக்கும் சொல்றேன்.

1. மெஷின் கொழுப்பை நேரா அளக்குறதில்லை. அதைப் புரிஞ்சுக்கோ.

அந்த மெஷின் உன் உடம்புக்குள்ள உனக்கே தெரியாத அளவு சின்ன மின்சாரத்தை அனுப்பும். தசையில தண்ணி அதிகம், அதனால மின்சாரம் சுலபமா போகும். கொழுப்புல தண்ணி ரொம்பக் கம்மி, அங்கே தடை அதிகம். அந்தத் தடையையும் நீ சொன்ன உயரத்தையும் வச்சு உடம்புல எவ்வளவு தண்ணின்னு மெஷின் கணக்குப் போடும். கொழுப்பில்லாத உடம்புல சுமார் 73 சதவீதம் தண்ணிங்கிற கணக்குல, தண்ணியிலிருந்து கொழுப்பில்லாத எடைக்கு வரும். மொத்த எடையில அதைக் கழிச்சா மிச்சம் எவ்வளவோ, அதைத்தான் கொழுப்புன்னு அச்சடிக்குது.

‘மிச்சம்’ங்கிற இடத்துலதான் வம்பே. ஷாலினி வயித்துல இருந்த பிரியாணி, போட்டிருந்த ஜீன்ஸ், பாக்கெட்ல இருந்த போன் எல்லாம் எடையில ஏறிடுச்சு. அதுல பெரும்பகுதி கழிச்சு வந்த மிச்சத்துல சேர்ந்து கொழுப்புக் கணக்குக்குப் போயிடுச்சு. அன்னைக்கு அவ தண்ணியும் சரியா குடிக்கலை. உடம்புல தண்ணி குறைஞ்சா தடை கூடும், மெஷின் அதையும் கொழுப்புன்னுதான் எடுத்துக்கும்.

2. ஸ்கேன் எடுக்குற அன்னைக்கு இதையெல்லாம் பண்ணாதே.

- சாப்பிட்டு மூணு நாலு மணி நேரத்துக்குள்ள ஏறாதே. காலையில எழுந்து, பாத்ரூம் போயிட்டு, வெறும் வயித்துல எடுக்குறதுதான் நல்லது. முந்தின நாள் வழக்கம்போல தண்ணி குடிச்சிருக்கணும்.
- ஒர்க்அவுட் முடிச்சுட்டு எடுக்காதே. வேர்வையில தண்ணி போயிருக்கும், தோலுக்கும் தசைக்கும் ரத்த ஓட்டம் மாறியிருக்கும். ரிப்போர்ட் எந்தப் பக்கம் சாயும்னு சொல்லவே முடியாது. ‘பத்து நிமிஷம் நடந்துட்டு வந்து எடுங்க’ன்னு டிரெய்னர் சொன்னாலும் கேட்காதே.
- வெந்நீர்க் குளியல் போட்டவுடனே வேண்டாம். உள்ளங்கையிலயும் பாதத்துலயும் க்ரீம் தடவியிருந்தா துடைச்சிடு.
- பீரியட்ஸ் நாட்களும் அதுக்கு முந்தின சில நாட்களும் வேண்டாம். உடம்பு தண்ணியைப் பிடிச்சு வச்சிருக்கும்.
- வளையல், வாட்ச், போன் எல்லாத்தையும் கழட்டி வை. மெல்லிசான டிரஸ் போதும்.
- பேஸ்மேக்கர் வச்சவங்களும் கர்ப்பமா இருக்கிறவங்களும் இந்த மெஷின் பக்கமே போக வேண்டாம்.

அடுத்த வாரம் ஒரு காலையில ஷாலினியை மறுபடி ஏறச் சொன்னேன். 62 கிலோ, கொழுப்பு 37.6 சதவீதம். கிலோவுல சொன்னா 25.2-ல இருந்து 23.3-க்கு வந்துடுச்சு. ஒரு வாரத்துல ரெண்டு கிலோ கொழுப்பு கரைஞ்சிடுச்சுன்னு நினைச்சிடாதே. முதல் தடவை எடுத்த விதம் தப்பு, அவ்வளவுதான். அவளுக்குக் கொஞ்சம் உயிர் வந்துச்சு. ஆனா பவானிக்கும் அவளுக்கும் நடுவுல பத்து சதவீதத்துக்கு மேல வித்தியாசம் அப்படியே நிக்குது. அது நிஜம்.

3. ரிப்போர்ட்ல மூணு வரி மட்டும் பாரு.

அந்தப் பேப்பர்ல இருக்குற எல்லா எண்ணையும் படிச்சா தலை சுத்தும். உனக்கு நேரமும் இல்லை. SMM-னு இருக்கிறது எலும்போட ஒட்டின தசையோட எடை. Body Fat Mass-ங்கிறது கொழுப்பு எத்தனை கிலோன்னு சொல்லும். PBF அதையே சதவீதத்துல சொல்லும். இந்த மூணு போதும். நூத்துக்கு இத்தனை மார்க்னு ஒண்ணு வரும், சில மெஷின்ல ‘உங்க உடம்போட வயசு 47’னு கூட வரும். அதைப் பார்த்து மனசு உடையாதே. அது அந்தக் கம்பெனி தானா வச்சுக்கிட்ட கணக்கு.

இப்ப ரெண்டு பேரையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாரு. பவானிகிட்ட கொழுப்பு 16.7 கிலோ, மிச்சம் 45.3 கிலோ கொழுப்பில்லாத உடம்பு. அதுல SMM 24.9. ஷாலினிகிட்ட கொழுப்பு 23.3, கொழுப்பில்லாதது 38.7, SMM 20.9. அதாவது பவானி உடம்புல தசை நாலு கிலோ அதிகம், கொழுப்பு ஆறரை கிலோ கம்மி. கூட்டினா ரெண்டும் 62.

‘தசை கொழுப்பை விட வெயிட்டு’ன்னு ஜிம்ல சொல்லுவாங்க. ஒரு கிலோன்னா எல்லாமே ஒரு கிலோதான். அதே ஒரு கிலோவுக்குக் கொழுப்பு சுமார் ஆறுல ஒரு பங்கு அதிக இடம் பிடிக்கும். அதனாலதான் ஒரே எடை இருந்தும் பவானியோட பேன்ட் ஷாலினிக்கு ஏறலை.

இன்னொரு வித்தியாசம் வீட்டுச் சாப்பாட்டுல தெரியும். சும்மா படுத்திருந்தாலும் உடம்பு செலவழிக்கிற கலோரிக்கு இந்த மெஷின்கள்ல வழக்கமா இருக்குற ஒரு கணக்கு இது:

370 + (21.6 × கொழுப்பில்லாத எடை)

பவானிக்குப் போட்டா சுமார் 1,348. ஷாலினிக்கு 1,206. ஒரு நாளைக்கு 140 கலோரி, கிட்டத்தட்ட மூணு இட்லி. ரெண்டு பேரும் ஒரே அளவு சாப்பிட்டு, ஒரே அளவு நடந்தாலும் ஷாலினிக்குத்தான் ஒட்டும். ‘அவ சாப்பிடுறதைத்தானே நானும் சாப்பிடுறேன்’ங்கிற புலம்பலுக்குக் காரணத்துல ஒரு பங்கு இதுல இருக்கு. முழுக் காரணமும் இதுதான்னு நான் சொல்லலை. ஒருத்தி நாள் முழுக்க நாற்காலியில, இன்னொருத்தி கடையில நின்னுக்கிட்டே இருக்கா. அந்தக் கணக்கு தனி.

4. பழைய டயட்டை நினைச்சுப் பாரு.

பவானி ஜிம்ல சேர்ந்ததிலிருந்து வெயிட் தூக்குறா. ஷாலினிக்கு ட்ரெட்மில் மட்டும்தான், முக்கால் மணி நேரம். அதுக்கும் முன்னால கல்யாணத்துக்குன்னு ஜூஸ் டயட் இருந்து மளமளன்னு எடையைக் குறைச்சா. அப்ப எல்லாரும் பாராட்டினாங்க. நான் ஒருத்திதான் திட்டினேன். புரோட்டீனும் இல்லாம, வெயிட்டும் தூக்காம பட்டினி கிடந்தா, போற எடையில தசையும் கணிசமாப் போகும். அப்புறம் வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பினா எடை வந்து ஒட்டும்போது பெரும்பாலும் கொழுப்பாத்தான் வரும். பழைய எடைக்கே வந்துட்டேன்னு நினைப்போம். உள்ளே கலவை மாறியிருக்கும். வெள்ளரிக்கா டயட்னு அவ சொன்னப்ப எனக்குக் கோபம் வந்ததுக்குக் காரணம் இதுதான். ஏற்கெனவே இளைச்சுப்போன தசையை இன்னும் இளைக்க விடுறதுக்கு அவ தயாரா இருந்தா.

எல்லாம் ஷாலினி தப்புதான்னு நினைக்காதே. நம்ம ஊர் உடம்புக்கே ஒரு குணம் இருக்கு. புனேயில டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக், லண்டன்ல டாக்டர் ஜான் யுட்கின்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள். ரெண்டு பேருக்கும் BMI ஒண்ணுதான், 22.3. டெக்சா ஸ்கேன்ல யுட்கினுக்குக் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. ரெண்டு பேரும் சேர்ந்து நிக்கிற போட்டோவோட 2004-ல ‘லான்செட்’ மருத்துவ இதழ்ல இதை வெளியிட்டாங்க. மேல பார்க்க ஒல்லி, உள்ளே கொழுப்பு. இந்த உடல்வாகு இந்தியர்கள்கிட்ட அதிகம்கிறதை உலகத்துக்குப் புரிய வச்ச படம் அது. நமக்கு BMI எல்லையை 23-னு குறைச்சு வச்சிருக்கிறதுக்கும் பின்னணி இந்த மாதிரி ஆராய்ச்சிகள்தான்.

5. வயித்துக் கொழுப்புக்கு இஞ்ச் டேப்பை நம்பு.

குடலைச் சுத்தியிருக்கிற உள்கொழுப்புதான் சர்க்கரை வியாதிக்கும் இதய நோய்க்கும் வழி விடுறது. ஜிம் மெஷின் அதுக்கும் ஒரு லெவல் எண் போடும். அது மத்த அளவுகளை வச்சுப் போடுற யூகம். தையல் டேப்பே அதைவிட உருப்படியா சொல்லும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவுல, மூச்சை இயல்பா விட்ட பிறகு அள. வயித்தை எக்கிப் பிடிச்சு ஏமாத்தாதே. இந்தியப் பெண்களுக்கு 80 செ.மீ.க்குள்ள, ஆண்களுக்கு 90-க்குள்ள இருக்கணும். பவானிக்கு 77. ஷாலினிக்கு 88. அந்த 88-ஐப் பார்த்ததும் சர்க்கரை, கொலஸ்ட்ரால் ரெண்டுக்கும் ரத்தப் பரிசோதனை பண்ணச் சொல்லி அனுப்பினேன். டேப் எண் தாண்டியிருந்தா நீயும் ஸ்கேனுக்குச் செலவு பண்றதுக்கு முன்னால அதைப் பண்ணு.

6. டெக்சா எடுக்கணும்னு ஆசைப்பட்டா, கேட்கிற விதத்துல கேளு.

டெக்சாவுல பத்து நிமிஷம் படுத்தா போதும். ரெண்டு விதமான எக்ஸ்ரேயை அனுப்பி எலும்பு, கொழுப்பு, மத்த சதைன்னு பிரிச்சுக் காட்டும். கதிர்வீச்சு ரொம்பவே கம்மி, ஆனாலும் கர்ப்பமா இருந்தா கூடாது. நிறைய ஸ்கேன் சென்டர்ல டெக்சான்னு சொன்னா முதுகெலும்பு, இடுப்பு மட்டும் எடுத்து எலும்பு பலத்தோட ரிப்போர்ட்டைக் கையில கொடுத்துடுவாங்க. பணத்தைக் கட்டுறதுக்கு முன்னாலயே ‘முழு உடம்பு, பாடி காம்போசிஷன்’னு சொல்லி, அந்த வசதி இருக்கான்னு போன்லயே கேட்டுக்கோ. அதுல வர்ற சதவீதம் ஜிம் பேப்பரோட ஒத்துப்போகாது. பல நேரம் கூடுதலாத்தான் வரும். ரெண்டையும் பக்கத்துல வச்சு ஒப்பிடாதே. ஒரு மெஷினைப் பிடிச்சா அதையே பிடிச்சுக்கோ.

ஷாலினிக்கு நான் டெக்சா வேண்டாம்னுட்டேன். அந்தக் காசுக்கு முட்டையும் பனீரும் வாங்கச் சொன்னேன்.

7. சாப்பாட்டை வெட்டாதே, மாத்து.

ஷாலினிக்குச் சொன்னது ரெண்டே விஷயம். வாரத்துல மூணு நாள் முதல்ல வெயிட், கடைசியா இருபது நிமிஷம் ட்ரெட்மில். ஸ்குவாட், டெட்லிப்ட், ரோயிங், தோள்பட்டைக்கு பிரஸ். நாலே பயிற்சி, ஒவ்வொண்ணும் மூணு செட், செட்டுக்கு எட்டுலிருந்து பன்னெண்டு தடவை. கடைசி ரெண்டு தடவை முக்கி முனகித் தூக்குற அளவு வெயிட் இருக்கணும். பன்னெண்டும் சுலபமா வந்தா வெயிட்டை ஏத்தணும். மாசக்கணக்கா அதே ரெண்டு கிலோ டம்பெல்லைத் தூக்கிக்கிட்டு இருந்தா தசை வளராது. கை பவானி மாதிரி முறுக்கிக்குமான்னு பயந்தா. நல்லாப் பாருடி, பவானி கை உனக்கு முறுக்கின மாதிரியா தெரியுதுன்னேன்.

ரெண்டாவது, புரோட்டீன். கிலோவுக்கு 1.2 கிராம்னு வச்சாலும் 62 கிலோவுக்கு ஒரு நாளைக்கு 75 கிராம் வேணும். இட்லி, சாம்பார் சாதம், தயிர் சாதம்னு ஓட்டினா பாதி வர்றதே கஷ்டம். அவளுக்கு நான் போட்டுக் கொடுத்தது இது: காலையில தோசையோட ரெண்டு முட்டை, 17 கிராம். மதியம் சாதத்தைக் கொஞ்சம் குறைச்சு, கெட்டிப் பருப்பு ஒரு கிண்ணம், தயிர் ஒரு கிண்ணம், 18 கிராம். சாயங்காலம் பப்ஸை விட்டுட்டு ஒரு கப் கொண்டைக்கடலை சுண்டல், 12 கிராம். ராத்திரி ரெண்டு சப்பாத்தியோட நூறு கிராமுக்குக் குறையாம சிக்கன், முப்பது கிராம் பக்கம். சைவ நாள்ல பனீர் நூறு கிராம் போட்டா 18 கிராம் வரும், குறையறதுக்கு இன்னொரு கிண்ணம் பருப்போ ஒரு கைப்பிடி சோயா உருண்டையோ சேர்த்துக்கலாம். நிறுத்தச் சொன்னது சர்க்கரை போட்ட மூணாவது காபியும் அந்த பப்ஸும்தான். கிட்னிப் பிரச்சினை இருக்கிறவங்க மட்டும் டாக்டரைக் கேட்காம புரோட்டீனை ஏத்தாதீங்க.

8. வாரா வாரம் மெஷின்ல ஏறாதே.

முதல் மாசமே ஷாலினிக்குக் கை அரிச்சுது. “ஒரே ஒரு தடவை ஏறிப் பார்க்கட்டுமாக்கா?” கூடாதுன்னேன். இந்த மெஷின்ல ஒண்ணு ஒன்றரை சதவீதம் ஏறி இறங்குறது தண்ணி பண்ற வேலை. குறைஞ்சது எட்டு வாரம், முடிஞ்சா மூணு மாசம் இடைவெளி விடு. நடுவுல ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை டேப், அது போதும்.

நாலு மாசம் கழிச்சு அதே மெஷின், அதே காலை நேரம். எடை 60.8. அதைப் பார்த்ததும் முகம் தொங்கிப்போச்சாம். “நாலு மாசத்துக்கு ஒண்ணேகால் கிலோதானாக்கா?” கீழே படிக்கச் சொன்னேன். கொழுப்பு 21.1 கிலோ, அதாவது 2.2 கிலோ கம்மி. கொழுப்பில்லாதது 39.7, ஒரு கிலோ அதிகம். சதவீதம் 37.6-ல இருந்து 34.7. அந்த ஒரு கிலோவும் முழுக்கத் தசைன்னு அடிச்சுச் சொல்ல முடியாது, தண்ணியும் அதுல இருக்கும். ஆனா டேப்புல 88-ஆ இருந்தது 84, ஸ்குவாட்ல தூக்குற வெயிட் ரெண்டு மடங்கு. மூணும் ஒரே பக்கம் காட்டினா நம்பலாம். வீட்டுல எடை மெஷின் மட்டும் இருந்திருந்தா, ஒண்ணும் நடக்கலைன்னு ரெண்டாவது மாசமே விட்டிருப்பா.

பவானிக்கு அந்த நாலு மாசத்துல பெரிசா எதுவும் மாறலை. 27-லயே நிக்குது. அவ மாறவும் வேண்டாம். ஷாலினி அவளைத் துரத்தவும் வேண்டாம். இன்னும் நாலு செ.மீ. குறைஞ்சு 80-க்கு வந்தா இப்போதைக்கு எனக்குப் போதும்.

அடுத்த தடவை ஸ்கேனுக்குப் போகும்போது பழைய பேப்பரைக் கையோட எடுத்துட்டுப் போ. மெஷின்ல ஏறுறதுக்கு முன்னால டிரெய்னர் உயரத்தை எவ்வளவுன்னு அடிக்கிறார்னு பாரு. போன தடவை 160-ன்னு போட்டவர் இந்தத் தடவை 163-ன்னு போட்டா, நீ ஒண்ணுமே பண்ணாம தசை கூடின மாதிரியும் கொழுப்பு குறைஞ்ச மாதிரியும் வரும். வயசும் அப்படித்தான், கூச்சப்பட்டுக் குறைச்சுச் சொல்லாதே.